நெற்றியில் வரைந்த முடி: வரன் படத்தில் எதைத் திருத்தலாம், எதைத் தொடக் கூடாது

வணக்கம் அம்மா. எனக்கு 33 வயது. வரன் தளத்தில் போடுவதற்காக ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்தேன். எடுத்தவர் என்னைக் கேட்காமலே முன்நெற்றியில் முடியை நிரப்பி, கன்னத்தில் இருக்கும் அம்மைத் தழும்புகளை எடுத்து, நிறத்தைக் கூட்டி, தாடையையும் சற்று ஒடுக்கிக் கொடுத்தார். "இது நீதான்டா, வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்" என்றார் அக்கா. நானும் அதையே போட்டுவிட்டேன். இப்போது ஒரு பெண்ணுடன் மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் சந்திக்கிறோம். வீடியோ அழைப்பை இதுவரை ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்துவிட்டேன். எல்லோரும் செய்வதுதானே என்று தோன்றுகிறது, ஆனால் இரவில் தூக்கம் வரவில்லை. படத்தில் எதுவரை திருத்தலாம்? நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

முகங்களைப் படமெடுப்பதும் அவற்றைக் கணினியில் திருத்துவதும் 20 ஆண்டுகளாக என் தொழில். வரன் பார்ப்பதற்காகப் படமெடுக்க வருகிறவர்களே அதில் பாதிக்கு மேல். முதலில் அந்த ஸ்டுடியோவுக்குச் சென்று, திருத்தாத மூலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான ஸ்டுடியோக்களில் அது சில வாரங்களாவது அழிக்கப்படாமல் இருக்கும். வாங்கியபின் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, கைப்பேசியில் கட்டைவிரல் அளவில் பார்ப்பதைப் போல அல்லாமல், கணினித் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்படிப் பார்த்தால், நான்கு திருத்தங்கள் என்று நீங்கள் எழுதியவை நான்கும் ஒரே எடையுள்ளவை அல்ல என்பது உங்களுக்கே விளங்கும். எல்லாவற்றையும் ஒரே குற்றமாகக் கட்டி மனதில் சுமப்பதால்தான், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

நிறத்திலிருந்து தொடங்குங்கள். படத்தில் உங்கள் காதுமடல், கழுத்து, புறங்கை ஆகியவற்றை முகத்தோடு ஒப்பிடுங்கள். சட்டையும் பின்னாலுள்ள சுவரும் உட்பட எல்லாமே ஒருசேரப் பிரகாசமாகியிருந்தால், மங்கலாக விழுந்த படத்தை அவர் சரிசெய்திருக்கிறார் என்று பொருள். அது கேமராவின் குறையைத் திருத்துவது மட்டுமே. முகம் மட்டும் வெளுத்து, காதும் கையும் பழைய நிறத்திலேயே இருந்தால், அவர் உங்கள் முகத்துக்கு வண்ணம் பூசியிருக்கிறார். இரண்டையும் வெளியில் ஒரே பெயரால், "கொஞ்சம் பிரைட் பண்ணினேன்" என்றுதான் சொல்வார்கள்.

அடுத்து, கன்னத்துத் தழும்பு. சருமத்தை வழவழப்பாக்கும் கருவி, சிறுசிறு பகுதிகளுக்குள் இருக்கும் வெளிச்சம் நிழல் வேறுபாட்டைச் சராசரியாக்கிவிடுகிறது. நேற்று வந்த பரு எது, சிறு வயதில் வந்த அம்மையின் குழி எது, சிரித்துச் சிரித்து வாயோரம் விழுந்த கோடு எது என்று அதற்குத் தெரியாது. மூன்றையும் ஒன்றுபோலவே தேய்த்துவிடும். அதனால்தான் ஸ்லைடரை அதிகமாக இழுத்த படங்களில் சருமத்தின் நுண்துளைகளும் மறைந்து, புருவத்தின் ஓரத்து முடிகள்கூட மையைத் தடவியது போலக் கலங்கித் தெரிகின்றன. உங்கள் படத்தில் அந்தக் கலங்கலைத் தேடிப் பாருங்கள்.

இந்த நான்கில் மிகக் கனமானவை முடியும் தாடையும். படம் வரையக் கற்றுக்கொள்பவர்களுக்கு முகத்தை மூன்று பங்காகப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள்: முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம் வரை ஒன்று, புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை ஒன்று, அங்கிருந்து மோவாய் வரை ஒன்று. ஏறுநெற்றி உள்ளவருக்கு முதல் பங்கு மற்ற இரண்டையும்விடப் பெரியது. அங்கே இரண்டு விரல் அகலத்துக்கு முடியை வரைந்துவிட்டால் மாறுவது முடி மட்டுமல்ல, அந்த முகத்தின் கணக்கே மாறிவிடுகிறது. தாடையை ஒடுக்கினாலும் அப்படித்தான். பெரிதாக்கிப் பார்த்தால் இவற்றின் தடயமும் கிடைக்கும். இயல்பான முடி நெற்றியோரத்தில் மெல்லிய, குட்டையான, ஒழுங்கற்ற இழைகளாகத் தொடங்கி உள்ளே செல்லச்செல்ல அடர்த்தியாகும். வரைந்த முடியோ ஓரத்திலிருந்தே ஒரே தடிமனில் இருக்கும், நெற்றியில் அதன் நிழல் விழாது. தாடையை உள்ளே தள்ளியிருந்தால், அதற்குப் பின்னால் கதவுச் சட்டமோ சுவரின் ஓரமோ நேர்கோடாகச் செல்லும் இடத்தில் லேசான வளைவு தெரியும்.

அக்கா "இது நீதான்" என்று சொன்னது பொய்யல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் மனமறிந்து ஏமாற்றவில்லை, அவர் கண்ணுக்கு அது நீங்கள்தான். 2011ஆம் ஆண்டு பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த பிரபலங்கள் இருவரின் படங்களை ஆளுக்கு 20 வீதம், மொத்தம் 40 எடுத்துக் கலைத்துப்போட்டு, அவர்களை முன்பின் அறியாதவர்களிடம் கொடுத்து, ஒரே ஆளின் படங்களை ஒரே குவியலில் வைக்கச் சொன்னார்கள். இருப்பது இரண்டே பேர் என்பதைச் சொல்லவில்லை. அறியாதவர்கள் சராசரியாக ஏழெட்டுக் குவியல்கள் வைத்தார்கள், அதாவது அத்தனை பேர் இருப்பதாக நினைத்தார்கள். அதே படங்களை அந்தப் பிரபலங்களைத் தெரிந்த நெதர்லாந்துக்காரர்களிடம் கொடுத்தபோது, அவர்கள் ஏறக்குறைய எல்லோருமே இரண்டு குவியலாகச் சரியாகப் பிரித்துவிட்டார்கள். பழகிய முகத்தை நாம் எந்த வெளிச்சத்திலும், எந்தக் கோணத்திலும், எவ்வளவு திருத்தினாலும் அடையாளம் கண்டுவிடுகிறோம். பழகாத முகத்தைப் பொறுத்தவரை, அந்த ஒரு படத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் நமக்கு முகம். உங்கள் அக்காவுக்கு 33 ஆண்டுகளின் முகம் மனதில் இருக்கிறது, படத்தில் இல்லாததை அது நிரப்பிக்கொள்கிறது. அந்தப் பெண்ணிடம் இருப்பது ஒரே படம்தான். ஆகவே திருத்தம் எல்லை மீறியதா என்று தீர்ப்புச் சொல்ல வீட்டிலுள்ளவர்களால் முடியாது. உங்களாலும் முடியாது.

மூன்று வாரத்தில் அவர் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறை உங்கள் குறுஞ்செய்தி வரும்போதும் அதன் பக்கத்தில் அந்த முகம்தான் தெரிகிறது. நீங்கள் தொலைபேசியில் சிரித்தபோது அவர் மனதில் சிரித்தது அந்த முகம்தான். ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்கும் முதல் சில நிமிடங்களில் அவர் உங்கள் பேச்சைக் கவனிக்கப் போவதில்லை. மனதிலுள்ள முகத்தையும் எதிரிலுள்ள முகத்தையும் பொருத்திப் பார்ப்பதிலேயே அவர் கவனம் முழுவதும் போய்விடும். அதை அவர் வெளியில் காட்டாமல் இருக்க முயல்வார். அந்த முயற்சி உங்களுக்குத் தெரிந்துவிடும். இருவருமே அதைப் பற்றி வாய் திறக்க மாட்டீர்கள்.

இதில் நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "முடி இல்லையென்று வேண்டாம் என்று சொல்லிவிட்டார்" என்று என்னிடம் வருத்தப்பட்ட ஆண்கள் பலர். அவர்களில் சிலருடைய எதிர்த்தரப்பையும் நான் அறிவேன், அவர்கள் சொன்னது வேறு. வரன் விவரத்தில் வேலை, சம்பளம், படிப்பு, வயது, முன்பு நிச்சயம் ஆனதா, கடன் இருக்கிறதா என்று எத்தனையோ தகவல்கள் இருக்கின்றன. அத்தனையும் நீங்கள் சொல்ல அவர் நம்ப வேண்டியவை. படம் ஒன்றுதான் அவர் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் தகவல். கண்ணால் பார்த்ததே அப்படி இல்லையென்றால், காதால் கேட்டவற்றின் கதி என்ன என்றுதான் மனம் போகும். அவருக்கு உங்கள் நெற்றி ஒரு பொருட்டாகவே இல்லாமல் இருக்கலாம், ஆனால் சம்பளச் சீட்டைக் கேட்கலாமா என்ற எண்ணம் அந்த நொடியில் வந்துவிடும். அதுவரை நீங்கள் உண்மையாகச் சொன்ன எல்லாவற்றையும் அவர் மறுபடி முதலிலிருந்து சந்தேகத்தோடு படிக்கத் தொடங்குவார்.

எல்லோரும் செய்வதுதானே என்பது ஓரளவு உண்மை. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இணையத்தில் துணை தேடுபவர்கள் 80 பேரை நேரில் வரவழைத்து உயரத்தையும் எடையையும் அளந்து, வயதை ஓட்டுநர் உரிமத்தில் சரிபார்த்தார்கள். பத்தில் எட்டுப் பேர் இம்மூன்றில் ஏதாவது ஒன்றை மாற்றிச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் மிகச் சிறிய அளவில்தான். நேரில் சந்திக்கப் போகிறோம் என்ற நினைப்பு கையைக் கட்டிப்போடுகிறது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். அதே குழுவினர் அடுத்த ஆண்டு படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தபோது நிலைமை வேறாக இருந்தது. படத்துக்கு உரியவர்கள் தங்கள் படம் ஓரளவு சரியாகவே இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களை ஆய்வகத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்ட வெளியாட்களோ, சுமார் மூன்றில் ஒரு பங்குப் படங்கள் ஆளைப் போல இல்லை என்றார்கள். உயரத்தை இரண்டு அங்குலம் கூட்டி எழுதும்போது, கூட்டுகிறோம் என்பது நமக்குத் தெரியும். படத்தில் அந்த அளவுகோல் கிடையாது, அதனால்தான் கை எவ்வளவு தூரம் போனது என்று தெரியாமலே போகிறது.

என் கையும் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறது. தொழிலுக்கு வந்த நான்காவது ஆண்டு என்று நினைவு. ஒரு பெண் படமெடுக்க வந்தார். வட்டமான, மலர்ந்த முகம். அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகவே இரண்டு கன்னங்களையும் சற்று உள்ளே தள்ளி, கண்களைச் சிறிது பெரிதாக்கிக் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சென்றார். இரண்டு மாதம் கழித்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு புத்தகக் கடையின் வாசலில் அவரைச் சந்திக்க வந்தவர், கைப்பேசியில் படத்தைப் பார்ப்பதும் சுற்றிலும் தேடுவதுமாக, அவரை இரண்டு முறை கடந்து சென்றிருக்கிறார். "நான்தான்" என்று இவரே கூப்பிட வேண்டியிருந்தது. என்னிடம் அவர் கோபப்படவில்லை. "நான் கேட்காததை ஏன் செய்தீர்கள்? என் முகத்தில் என்ன தவறு இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியது?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து முகத்தின் அமைப்பை நான் தொடுவதில்லை, மூலப்படத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன்.

இனி, எதுவரை திருத்தலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். படத்தைத் திருத்துபவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு: இரண்டு வாரத்தில் தானாக மறைந்துவிடக்கூடியதை எடுக்கலாம், அதற்கு மேலும் இருக்கப்போவதை எடுக்கக் கூடாது. பரு, சவரத்தில் பட்ட கீறல், தூக்கமில்லாததால் சிவந்த கண், உதட்டு வெடிப்பு ஆகியவை போகலாம். மச்சம், தழும்பு, அம்மைக் குழி, நெற்றியின் உயரம், மூக்கு, தாடை, உடலின் பருமன் ஆகியவை இருக்கட்டும். இடையில் தொங்குகிறவைக்கு நான் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வேன்: சந்திக்கும் நாளில் உங்கள் உடலில் அதை நீங்கள் செய்துகொண்டு போவீர்களா? நரைக்குச் சாயம் பூசுவது உங்கள் வழக்கமென்றால் பூசிக்கொண்டு வந்து படமெடுங்கள், அது உண்மையான படம்தான். பூசாத தலையைக் கணினியில் கறுப்பாக்கினால் அது உண்மை அல்ல. கண்ணாடியில் விழுந்த ஒளித்தெறிப்பை எடுக்கலாம். எப்போதும் கண்ணாடி அணிபவருடைய எல்லாப் படங்களிலும் கண்ணாடியே இல்லாமல் செய்வது சரியல்ல. கண்ணுக்குக் கீழுள்ள கருவளையம் களைப்பினால் வந்ததென்றால் பாதியளவு குறைக்கலாம், பிறவியிலேயே இருப்பதென்றால் விட்டுவிட வேண்டும். இதில் பாதி என்பது என் கணக்கு. வேறொரு கலைஞர் சற்றுக் கூடவோ குறையவோ சொல்லலாம், அதனால் எதுவும் கெட்டுப்போகாது.

கேமரா செய்யும் தவறைத் திருத்துவதில் எந்தக் குற்றவுணர்வும் வேண்டாம். கைப்பேசியை ஒரு முழத்துக்குள் பிடித்து எடுக்கும் செல்ஃபி முகத்தை உள்ளபடி காட்டுவதில்லை. ஓரடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் முக அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். கண்ணாடியில் தெரியாத மூக்கு செல்ஃபியில் தெரிவதால்தான் பலர் மூக்கை ஒடுக்கும் செயலியைத் தேடிப் போகிறார்கள். அவர்களுக்குச் செயலி தேவையில்லை, இன்னும் நான்கடி தள்ளிப்போய் இன்னொருவரை எடுக்கச் சொன்னால் போதும். நிறத்துக்கும் இப்படியொரு நேர்வழி உண்டு. படமெடுக்கும்போது முதல் படத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் தாளைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு திருத்தும்போது அந்தத் தாள் மஞ்சளோ நீலமோ கலக்காமல் வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைச் சரிசெய்து, அதே அளவை மற்றப் படங்களுக்கும் வையுங்கள். அப்போது முகத்தில் என்ன நிறம் தெரிகிறதோ அதுவே உங்கள் நிறம், அதற்கு மேல் ஸ்லைடரை நகர்த்தக் கூடாது. எடுப்பதற்கு முன் கைப்பேசியின் கேமராவில் பியூட்டி மோடு அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல கைப்பேசிகளில் அது நாம் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். "நான் எடிட்டே செய்யவில்லை" என்று உறுதியாகச் சொல்பவர்களின் படங்களில்கூடச் சருமம் மெழுகு போல இருப்பதற்கு அதுவே காரணம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எதையும் மறைக்காமல் அத்தனையையும் முதல் படத்திலேயே திறந்து காட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கன்னத்தில் தழும்புள்ள பக்கத்தைச் சற்று நிழலில் வைத்து எடுப்பதும், தமக்குப் பிடித்த கோணத்தைத் தேர்ந்தெடுப்பதும் எவருக்கும் உரிய உரிமைதான். நிழலில் இருக்கும் தழும்பு அங்கேயே இருக்கிறது, பார்ப்பவர் "இந்தப் பக்கம் தெரியவில்லையே" என்று கேட்க முடியும். அழித்துவிட்ட தழும்பைப் பற்றிக் கேட்கவே அவருக்கு வழியில்லை, ஏனென்றால் அங்கே எதுவும் இல்லை என்று படம் உறுதி சொல்லிவிடுகிறது. காட்டாமல் விடுவது ஒன்று, இல்லையென்று காட்டுவது வேறொன்று. ஆனால் காட்டாமல் விடுவதும் எல்லாப் படங்களிலும் தொடர்ந்தால் அழிப்பதற்குச் சமமாகிவிடும். ஐந்து படம் போட்டு ஐந்திலும் தொப்பி அணிந்திருப்பவர் ஒரு முடியையும் வரையவில்லை, ஆயினும் நெற்றியைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார். அதுபோலவே, எந்தத் திருத்தமும் இல்லாத, ஆறு ஆண்டுக்கு முந்தைய மெலிந்த படமும் இன்றைய தேதிக்குத் திருத்திய படம்தான்.

உங்களுக்கு மூன்று படங்கள் போதும். ஒன்று, கேமராவை நேராகப் பார்த்து, நெற்றி முழுவதும் தெரிய, சன்னலுக்கு எதிரே நின்று பகல் வெளிச்சத்தில் எடுத்தது. இரண்டு, தலை முதல் கால் வரை தெரியும் படம், எடுப்பவர் பத்தடியாவது தள்ளி நின்று, கேமராவை உங்கள் மார்பளவு உயரத்தில் பிடித்து எடுக்க வேண்டும். மூன்று, நீங்கள் எதையோ செய்துகொண்டிருக்கும்போது வேறொருவர் எடுத்தது. மூன்றுமே கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்தவையாக இருக்கட்டும். பத்துப் பதினைந்து எடுத்து வைத்துக்கொண்டு, எதைப் போடுவது என்பதை நீங்களும் முடிவு செய்யாதீர்கள், அக்காவும் வேண்டாம். உங்களை ஓரிரு முறை மட்டும் பார்த்துப் பேசியிருக்கும் ஒருவரிடம், உங்கள் நண்பரின் அலுவலக நண்பரைப் போன்ற ஒருவரிடம், "இதில் எது நேரில் பார்த்த என்னைப் போலவே இருக்கிறது?" என்று கேளுங்கள். எது அழகாக இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். அடையாளச் சரிபார்ப்புக்காக 2016இல் நடந்த ஓர் ஆய்வில், தாமே தேர்ந்தெடுத்த தம் படங்களைவிட, ஒரு நிமிடக் காணொளியில் மட்டும் அவரைப் பார்த்த அந்நியர் தேர்ந்தெடுத்த படங்களே ஆளோடு சரியாகப் பொருந்தின.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அந்தச் சந்திப்புக்கு முன்பே, அவர் எங்கும் புறப்படுவதற்கு முன்பே, உங்கள் இன்றைய முகம் அவரிடம் சென்று சேர்ந்துவிட வேண்டும். நேரில் போய் நின்று விளக்கலாம் என்று நினைக்காதீர்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவரால் தன் ஏமாற்றத்தைச் சொல்லவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. அவருக்குத் தனியாக இருந்து யோசிக்க இரண்டு நாளாவது கொடுப்பதுதான் மரியாதை. முதலில் தளத்தில் உள்ள படத்தை மாற்றிவிடுங்கள். பிறகு புதிய மூன்று படங்களையும் அனுப்பி, அதனுடன் இவ்வளவு மட்டும் எழுதுங்கள்:

"என் சுயவிவரத்தில் இருந்த படம் திருத்தப்பட்டது. முன்நெற்றியில் எனக்கு அவ்வளவு முடி இல்லை. கன்னத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு. நிறமும் தாடையும்கூடப் படத்தில் மாற்றப்பட்டிருந்தன. தெரிந்தே அதைப் போட்டேன், அது தவறு. வீடியோவில் பேசலாம் என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் நான் தவிர்த்ததற்கும் அதுவே காரணம். இவை இந்த வாரம் எடுத்த படங்கள். பார்த்துவிட்டு உங்களுக்கு விருப்பமிருந்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை சந்திக்கலாம். வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்ல வேண்டியதில்லை."

இதில் ஸ்டுடியோக்காரரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வரைந்தது அவர்தான், ஆனால் மூன்று வாரம் அதை வைத்திருந்தது நீங்கள். அவர் மேல் பழியைப் போட்டால், சொல்ல வந்த உண்மையிலும் பாதியைக் கழற்றிவிட்டதாகத்தான் அந்தப் பெண்ணுக்குத் தோன்றும். தலைமுடியைப் பற்றி விளையாட்டாக எதையும் சேர்க்காதீர்கள், அவரும் சிரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அது உண்டாக்கும். "இது உங்களுக்குப் பெரிய பிரச்சினையா?" என்ற கேள்வியும் வேண்டாம். இல்லையென்று சொல்ல வைப்பதற்காகக் கேட்கும் கேள்வி அது. வீடியோவைத் தவிர்த்ததை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள். படத்தைவிட அவரை அதிகமாகக் குழப்பியிருப்பது அதுவாகத்தான் இருக்கும், உங்கள் தயக்கத்துக்கு வேறு ஏதேதோ காரணங்களை அவர் இதற்குள் கற்பனை செய்திருக்கவும் கூடும்.

அவர் சம்மதித்தால், சந்திப்புக்கு முன்தினம் பகலில், சன்னலை நோக்கி உட்கார்ந்து ஒரு வீடியோ அழைப்பில் பேசுங்கள். செயலியின் அமைப்புகளில் முகத்தை மெருகூட்டும் வசதி இயங்குகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஜூமில் அது `Touch up my appearance` என்ற பெயரில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அந்த அழைப்பில் முதல் அரை நிமிடம் அவர் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும், நீங்கள் அவசரப்பட்டுப் பேசி அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள். நேரில் நடக்கவிருந்த அந்தப் பொருத்திப் பார்க்கும் வேலை, அவருக்குச் சங்கடமில்லாமல் இங்கேயே முடிந்துவிடும்.

அவர் விலகிவிடவும் வாய்ப்பிருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். அப்படி நடந்தால் "நெற்றிக்காகவா?" என்று கேட்டு எழுதாதீர்கள். மூன்று வாரம் வேறொரு முகத்தோடு பேசிக்கொண்டிருந்தவர் அவர், அந்த வருத்தத்துக்கு அவருக்கு உரிமை உண்டு. இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். திருத்திய படம் உங்களுக்குக் கூடுதலாகச் சில சம்மதங்களை வாங்கித் தந்திருக்கலாம், ஆனால் அவை எல்லாம் நேரில் பார்த்ததும் மறுபரிசீலனைக்கு வரக்கூடிய சம்மதங்கள். ஏறுநெற்றி ஒரு பொருட்டே இல்லை என்று நினைக்கும் பெண்கள் உங்கள் படத்தையும் பார்த்திருப்பார்கள், ஆனால் அப்படி நினைப்பதைச் சொல்ல அவர்களுக்கு நீங்கள் இதுவரை சந்தர்ப்பமே தரவில்லை. வேண்டாம் என்பவர்கள் முதல் நாளே வேண்டாம் என்று சொல்லிவிடுவதற்கு உதவுவதும் வரன் படத்தின் வேலைதான்.

கடைசியாக ஒரு சிறு காரியம். தளத்தில் படத்தை மாற்றுவதோடு இது முடிவதில்லை. அந்தப் படத்தை ஒட்டிய ஜாதக விவரத் தாள் அக்காவின் கைப்பேசியிலும், அவர் அனுப்பிய உறவினர்களிடமும், அவர்கள் அனுப்பிய தரகர்களிடமும் இருக்கும். அக்காவை உட்கார வைத்து, யார் யாருக்கு அனுப்பினார் என்று எழுதி வாங்கி, புதிய படம் வைத்த தாளை அவர்கள் அனைவருக்கும் "பழையதை அழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரியோடு அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து, நீங்கள் அறியாத ஒரு வீட்டில் யாரோ ஒருவர் அந்தப் பழைய படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
உங்கள் புகைப்பட ஆலோசகர்